ஆறு மருந்து, 72 பாத்தி: அனோவாவுக்கு முன்னால் பார்க்க வேண்டியது

1942-ல் பயோமெட்ரிகா இதழில் ஜெஃப்ரி பீல் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். வயலில் மருந்தடித்துப் பூச்சிகளை எண்ணும் சோதனைகளின் கணக்கை எப்படிக் கையாள்வது என்பதுதான் அதன் பொருள். அதிலிருந்து எடுத்த ஒரு சின்ன அட்டவணை இன்று உலகம் முழுக்கப் புள்ளியியல் மாணவர்களின் கணினியில் இருக்கிறது. ஆர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், `InsectSprays` என்ற பெயரில் அதுவும் கூடவே வந்துவிடும். ஆறு மருந்துகள், A முதல் F வரை. ஒவ்வொன்றையும் 12 சோதனைப் பாத்திகளில் அடித்து, பிறகு எத்தனை பூச்சி என்று எண்ணியிருக்கிறார்கள். மொத்தம் 72 எண்கள். அவ்வளவுதான்.

எந்த மருந்து நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கச் சராசரியை எடுத்தால், A-க்கு 14.5, B-க்கு 15.3, F-க்கு 16.7. இன்னொரு பக்கம் C-க்கு 2.1, E-க்கு 3.5, D-க்கு 4.9. மூன்று மருந்துகள் கேட்கின்றன, மூன்று கேட்கவில்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று கேட்பதுதான் ஒருவழி அனோவா. குழுக்களின் சராசரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை, ஒரே குழுவுக்குள் எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதோடு அது ஒப்பிடுகிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது எஃப் விகிதம். இங்கே அது 34.7. தற்செயலுக்கு இடமே இல்லை.

இதோடு எழுந்து போய்விடுபவர்கள் நிறைய பேர். ஆனால் அந்த வகுத்தலில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. குழுவுக்குள் இருக்கும் சிதறல் என்றால் எந்தக் குழுவின் சிதறல்? இருப்பவை ஆறு குழுக்கள். அனோவா ஆறின் சிதறலையும் ஒன்றாகக் கலந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண்ணை வைத்துக்கொள்கிறது. ஆறு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு சிதறியிருந்தால்தான் அந்தப் பொது எண்ணுக்குப் பொருள் உண்டு. சம வேரியன்ஸ் என்ற நிபந்தனை சொல்வது இதைத்தான்.

வேரியன்ஸ் என்பது பள்ளியில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்ததுதான்: ஒவ்வொரு எண்ணும் தன் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அதை வர்க்கப்படுத்திச் சராசரி எடுப்பது. பீலின் ஆறு குழுக்களுக்கும் அதைக் கணக்கிட்டால், E-க்கு 3.0, C-க்கு 3.9, D-க்கு 6.3, B-க்கு 18.2, A-க்கு 22.3, F-க்கு 38.6. பெரியதும் சிறியதும் கிட்டத்தட்ட 13 மடங்கு வேறுபடுகின்றன. ஆறையும் கலந்து அனோவா எடுத்துக்கொள்ளும் பொது வேரியன்ஸ் 15.4. இது எந்தக் குழுவுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. E-க்கு ஐந்து மடங்கு கூடுதல், F-க்குப் பாதிகூட இல்லை.

13 மடங்கு என்றாலும், அது தற்செயலாக வந்ததல்ல என்று சொல்ல ஒரு சோதனை வேண்டும். 1937-ல் பார்ட்லெட் ஒன்றைக் கொடுத்தார். கணிதம் கச்சிதமானது. ஆனால் எண்கள் மணிவடிவப் பரவலை விட்டுக் கொஞ்சம் விலகினாலே அது கூச்சல் போடத் தொடங்கிவிடும். வேரியன்ஸ் எல்லாம் சமமாகவே இருந்தாலும், ஓரிரண்டு எண்கள் வாலாக நீண்டிருந்தால் போதும், சமமில்லை என்று சொல்லிவிடும். ஜார்ஜ் பாக்ஸ் 1953-ல் இதைக் கேலி செய்தே எழுதினார். அனோவா இந்த அளவு சின்ன விலகல்களையெல்லாம் தாங்கிக்கொள்ளும். அதற்கு முன்னோட்டமாக வேரியன்ஸைச் சோதிப்பது, பெரிய கப்பல் கிளம்பக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத் துடுப்புப் படகை அனுப்புவது மாதிரி என்பது அவர் வாதம். கேலிதான் என்றாலும், அதில் இருக்கும் எச்சரிக்கை இன்றும் செல்லும்.

1960-ல் ஹோவர்ட் லெவீன் வேறு வழியில் யோசித்தார். சிதறலைச் சோதிக்கத் தனியாக ஒரு கணிதம் எதற்கு? ஒவ்வொரு எண்ணும் தன் குழுவின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற தூரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் குறி வேண்டாம். இப்போது அந்தத் தூரங்களுக்கே அனோவா போடுங்கள். தூரங்களின் சராசரி குழுவுக்குக் குழு மாறினால், சிதறல் மாறுகிறது என்றுதானே பொருள்? லெவீன் நடு என்று சராசரியை வைத்தார். 1974-ல் பிரவுனும் ஃபார்சைத்தும் அதை இடைநிலையாக மாற்றினார்கள். எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு அது. ஒரு பக்கம் நீண்ட வால் இருந்தாலும் இடைநிலை அசையாது என்பதால், இன்று பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

இதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். E குழுவின் 12 எண்களை வரிசைப்படுத்தினால் 1, 1, 2, 3, 3, 3, 3, 4, 5, 5, 6, 6. இடைநிலை 3. அதிலிருந்து தூரங்கள் 2, 2, 1, 0, 0, 0, 0, 1, 2, 2, 3, 3. கூட்டினால் 16, சராசரித் தூரம் 1.33. F குழுவில் 9, 10, 11, 13, 13, 15, 15, 16, 22, 24, 26, 26. இடைநிலை 15, தூரங்களின் கூட்டல் 58, சராசரி 4.83. மற்ற நான்கிலும் இப்படியே போட்டால் A-க்கு 3.5, B-க்கு 3.33, C-க்கும் D-க்கும் 1.42. இந்த 72 தூரங்களுக்கும் வழக்கமான அனோவாவைப் போட்டால் எஃப் விகிதம் 3.82, பி மதிப்பு 0.004. அதாவது ஆறு மருந்துகளுக்கும் சிதறல் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது ஆயிரத்தில் நான்கு தடவைதான். சிதறல் சமமில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சோதனை சொன்னது அது மட்டும்தான். சமமில்லை. எப்படிச் சமமில்லை, ஏன், என்ன செய்யலாம் என்பதற்கு அந்த 0.004-ல் ஒரு பதிலும் கிடையாது. எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு. குழுவுக்கு ஐந்தாறு எண்கள் மட்டும் இருந்தால், வேரியன்ஸ் நான்கைந்து மடங்கு வேறுபட்டாலும் இந்தச் சோதனை பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். பி மதிப்பு 0.05-க்கு மேலே வந்தது, ஆகவே வேரியன்ஸ் சமம் என்று ஆய்வேடுகளில் எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போதுமான எண்கள் இல்லை என்பதற்கும் வித்தியாசம் இல்லை என்பதற்கும் நிறைய தூரம். குழுவுக்கு ஆயிரம் எண்கள் இருந்தால் இதற்கு நேர்மாறு: எந்த முடிவையும் மாற்றாத அற்ப வித்தியாசத்துக்கும் 0.001 என்று வந்து நிற்கும். அதனால்தான் படத்தைப் பார்க்காமல் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

படம் என்றால் எச்சப் படம். எச்சம் என்பது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் குழுச் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது. கிடை அச்சில் குழுச் சராசரி, நிலை அச்சில் எச்சம். ஆரில் இவ்வளவுதான்:

```
fit <- aov(count ~ spray, data = InsectSprays)
plot(fit, which = 1)
library(car)
leveneTest(count ~ spray, data = InsectSprays)
```

முதல் இரண்டு வரிகள் படத்துக்கு, கடைசி இரண்டும் லெவீன் சோதனைக்கு. `car` தொகுப்பைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். `leveneTest` கேட்காமலே இடைநிலையைத்தான் எடுத்துக்கொள்ளும்.

படத்தில் ஆறு செங்குத்து வரிசைகளாகப் புள்ளிகள் தெரியும். இடது ஓரத்தில் C, E, D மூன்றும் நெருக்கமாக நிற்கும். பிறகு ஒரு பெரிய இடைவெளி. வலது ஓரத்தில் A, B, F. இடது பக்கம் E-யின் எச்சங்கள் -2.5 முதல் +2.5 வரை அடங்கிக் கிடக்கின்றன. வலது கோடியில் F-இன் எச்சங்கள் -7.7 முதல் +9.3 வரை விரிகின்றன. சராசரி ஏற ஏறச் சிதறலும் ஏறுகிறது. புள்ளியியல்காரர்கள் இந்த வடிவத்தைப் புனல் என்பார்கள். சோதனை கொடுத்த ஒற்றை எண்ணில் இல்லாத செய்தி இதுதான்: சிதறல் கண்டபடி மாறவில்லை, சராசரியின் பின்னாலேயே போகிறது.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது சில இடங்களில் கண் ஏமாறும். ஆர் படத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அந்தக் கோடு படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி என்று போய்விடுவார்கள். ஒருவழி அனோவாவில் ஒவ்வொரு குழுவின் எச்சங்களையும் கூட்டினால் பூஜ்யம்தான் வரும், அதனால் கோடு எப்போதும் ஏறக்குறைய படுத்தேதான் கிடக்கும். அது சிதறலைப் பற்றி எதுவும் சொல்லாது. பார்க்க வேண்டியது வரிசைகளின் உயரத்தை. இரண்டாவது, எண்ணிக்கைகள் முழு எண்கள் என்பதால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். D குழுவில் 5 என்ற எண் ஐந்து தடவை வருகிறது, படத்தில் அது ஒரே புள்ளி. 12 பாத்திகளுக்கு ஆறு புள்ளிகள்தான் தெரியும். புள்ளிகளைப் பக்கவாட்டில் லேசாகக் கலைத்துப் போட்டால்தான் நடுவில் எவ்வளவு கூட்டம் என்று புரியும். குழுக்களின் அளவு வேறுவேறாக இருந்தால் இன்னொன்றும் சேரும்: புள்ளிகள் அதிகமுள்ள குழு, சிதறல் அதே அளவாக இருந்தாலும், உயரமாகத் தெரியும். இங்கே எல்லாக் குழுவிலும் 12 என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

D வரிசையில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். அதில் பதினோரு பாத்திகளில் 2 முதல் 6 வரைதான் பூச்சிகள். ஒரே ஒரு பாத்தியில் 12. எச்சப் படத்தில் மற்றவை -2.9 முதல் +1.1 வரை நெருங்கிக் கிடக்க, இது மட்டும் +7.1-ல் தனியாக நிற்கிறது. இந்த ஒன்றை எடுத்துவிட்டால் D-யின் வேரியன்ஸ் 6.3-லிருந்து 1.4-க்கு இறங்கிவிடும். அந்தக் குழுவின் வேரியன்ஸில் பெரும்பகுதி ஒரே பாத்தியின் உபயம். லெவீன் சோதனை வர்க்கம் எடுக்காமல் தூரத்தை மட்டும் எடுப்பதால்தான், வேரியன்ஸ் அவ்வளவு வேறுபட்டும் C-க்கும் D-க்கும் ஒரே 1.42 வந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பாத்தி விலகி நிற்கிறதா என்று மென்பொருளைக் கேட்டால், அது பொதுச் சிதறலால் வகுத்துப் பார்க்கும். பொது வேரியன்ஸின் வர்க்கமூலம் 3.9. 7.1-ஐ அதனால் வகுத்தால் 1.8. இரண்டைக்கூடத் தாண்டவில்லை, எச்சரிக்கை எதுவும் வராது. F-இன் சிதறலில் இது ஒளிந்துகொள்கிறது. அதற்காக அந்த 12-ஐ அடித்துவிடச் சொல்லவில்லை. அந்தப் பாத்தியில் மருந்து சரியாக விழுந்ததா என்று வயல் குறிப்பேட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

சிதறல் சமமில்லை, சரி. அதனால் என்ன கெட்டுப்போனது? மொத்த முடிவு கெடவில்லை. வேரியன்ஸ் சமம் என்று வைத்துக்கொள்ளாத வெல்ச்சின் முறையில் போட்டாலும் (ஆரில் `oneway.test`) எஃப் விகிதம் 36.1, முடிவு அதேதான். குழுக்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அனோவாவின் மொத்தச் சோதனை ஓரளவு தாக்குப்பிடிக்கும். குழு அளவுகள் வேறுபட்டால்தான் ஆபத்து. சின்னக் குழுவில் பெரிய சிதறல் இருந்தால், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும். பெரிய குழுவில் பெரிய சிதறல் இருந்தால், இருக்கும் வித்தியாசத்தை மறைத்துவிடும்.

கெட்டுப்போவது அடுத்த படியில். வயலில் இறங்குபவருக்கு ஆறு மருந்துகளும் ஒன்றல்ல என்ற செய்தி பயன்படாது. கேட்கும் மூன்றில் எது நன்றாகக் கேட்கிறது, C-யா D-யா என்பதுதான் அவர் கேள்வி. இரண்டின் சராசரிக்கும் இடையே 2.83 பூச்சி வித்தியாசம். அனோவாவின் பொதுச் சிதறலை வைத்து இதை அளந்தால் அளவுப் பிழை 1.60, டி மதிப்பு 1.77, பி மதிப்பு 0.08. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்ற நிலை. அதே இரண்டு குழுக்களை அவற்றின் சொந்தச் சிதறலை வைத்து அளந்தால் அளவுப் பிழை 0.92, டி மதிப்பு 3.08, பி மதிப்பு 0.006. எண்கள் அதே 24 எண்கள்தான். முதல் கணக்கில் A, B, F பாத்திகளின் கூச்சல், இதில் சம்பந்தமே இல்லாமல், C-க்கும் D-க்கும் இடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. A-யையும் F-ஐயும் ஒப்பிட்டால் தப்பு மறுபக்கம். பொதுச் சிதறல் அங்கே 1.60 என்கிறது, உண்மையில் இருக்க வேண்டியது 2.25. அந்த மூலையில் அனோவா தேவைக்கு மேல் துணிச்சலாகப் பேசும்.

இனி மருந்து. புனல் வடிவம் அதற்கு வழிகாட்டுகிறது. பூச்சிகளை எண்ணும்போது, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தற்செயலாக வந்து உட்கார்ந்தால், எண்ணிக்கையின் வேரியன்ஸ் அதன் சராசரிக்குச் சமமாக இருக்கும். பாய்சான் பரவலின் குணம் அது. பீலின் எண்களில் வேரியன்ஸைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். E-க்கு 0.9, B-க்கு 1.2, D-க்கு 1.3, A-க்கு 1.5, C-க்கு 1.9, F-க்கு 2.3. 13 மடங்கு இருந்த இடைவெளி 2.7 மடங்காகச் சுருங்கிவிட்டது. வேரியன்ஸ் சராசரியோடு சேர்ந்து ஏறும் எண்களுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அந்த ஏற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று பார்ட்லெட் 1936-லேயே எழுதியிருந்தார். பீல் ஆராய்ந்ததும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

எடுத்துப் பார்ப்போம். 72 எண்களுக்கும் வர்க்கமூலம் எடுத்த பிறகு ஆறு வேரியன்ஸ்களும் 0.25-க்கும் 0.58-க்கும் இடையில் வந்துவிடுகின்றன. வித்தியாசம் பார்ட்லெட்டின் கூச்சல் சோதனைக்குக்கூடத் தெரியவில்லை: முன்பு 0.0001-க்கும் கீழே இருந்த பி மதிப்பு இப்போது 0.59. எச்சப் படத்தில் புனல் போய், வரிசைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. எஃப் விகிதம் 34.7-லிருந்து 44.8-க்கு ஏறுகிறது. C-க்கும் D-க்கும் இடையே டி மதிப்பு 3.6. ஆறு மருந்துகளில் பதினைந்து ஜோடிகள் இருப்பதால், ஜோடி ஜோடியாகப் பார்க்கும்போது டூக்கியின் திருத்தத்தைப் போட வேண்டும். மாற்றாத எண்களில் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு C, D வித்தியாசத்தின் பி மதிப்பு 0.49, அதாவது பேச்சுக்கே இடமில்லை. வர்க்கமூலத்தில் அதே திருத்தத்தோடு 0.01-க்கும் கீழே.

இப்போது படத்தை மறுபடி பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முன்பு அடங்கிக் கிடந்த C-க்குத்தான் இப்போது மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் சிதறல், 0.58. அதில் இரண்டு பாத்திகளில் பூச்சியே இல்லை. வர்க்கமூலம் 0-க்கும் 1-க்கும் இடையே உள்ள தூரத்தை அப்படியே விட்டுவிட்டு, 16-க்கும் 25-க்கும் இடையே உள்ள 9-ஐ 1 ஆக்கிவிடுகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குழுக்கள் அதனால் ஒப்பீட்டளவில் விரிந்து தெரியும். பூஜ்யங்கள் மலிந்த எண்ணிக்கைகளுக்கு இந்த வைத்தியம் கைகொடுக்காது. நெல்டரும் வெட்டர்பர்னும் 1972-ல் பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகளை முன்வைத்த பிறகு, எண்களை மாற்றாமலே, வேரியன்ஸ் சராசரியோடு ஏறும் என்று மாதிரியிலேயே சொல்லிவிடும் வழி வந்துவிட்டது. ஆரில் அது `glm`. எண்ணிக்கைகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான், முதலில் எச்சப் படத்தைப் பார்த்துவிட்டு.

வர்க்கமூலத்தோடே நின்றுவிடுபவர்கள் முடிவை எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. வர்க்கமூலங்களின் சராசரி C-க்கு 1.245. அதைத் திரும்ப வர்க்கப்படுத்தினால் 1.55 வருகிறது, ஆனால் பாத்திகளில் எண்ணிய சராசரி 2.08. D-க்கு 4.68, எண்ணியது 4.92. சிதறல் இருக்கும் வரை இந்த இடைவெளி வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அட்டவணையில் எண்ணிய சராசரிகளை அப்படியே கொடுத்துவிட்டு, வித்தியாசங்களைச் சோதித்தது வர்க்கமூலத்தில் என்று கீழே ஒரு வரி எழுதுவதுதான் வழக்கம்.